பிரீமியம் நின்ற பிறகு பொலிசியில் மிஞ்சுவது என்ன?

2022இல் கொழும்பின் விலைவாசி ஏறிய வேகத்தில் கொட்டாஞ்சேனைக் குடும்பங்கள் பல, மாதச் செலவுகளை ஒவ்வொன்றாக வெட்டத் தொடங்கின. அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது. பிள்ளையின் டியூஷன் காசை நிறுத்த மனம் வராது. வாடகையை நிறுத்த முடியாது. காப்புறுதிப் பிரீமியத்தை நிறுத்தினால் அன்றைக்கு யாரும் வந்து கதவைத் தட்டப் போவதில்லை. ஆகவே ஜம்பட்டா வீதியிலும் அதைச் சுற்றியுள்ள ஒழுங்கைகளிலும் முதலில் நின்றவற்றுள் அதுவும் ஒன்று. செட்டியார் தெருக் கடையில் வேலை இழந்தவர், வெளிநாடு போக ஏஜென்சிக்குப் பணம் கட்டியவர், மகளின் கலியாணத்துக்குக் கையில் இருந்ததையெல்லாம் திரட்டியவர் என்று காரணங்கள் வெவ்வேறு. எல்லோரும் வந்து நின்ற கேள்வி மட்டும் ஒன்றுதான்: இத்தனை வருடம் கட்டிய காசு என்ன ஆகும்?

இதற்குக் காப்புறுதி நிறுவனம் இரண்டு தொகைகளைப் பதிலாகச் சொல்லும். பொலிசியை ஒப்படைத்துவிட்டு இன்றைக்கே வாங்கிக்கொண்டு போகக்கூடிய பணம் சரண்டர் பெறுமதி. இனி ஒரு சதமும் கட்டாமல் பொலிசியை அப்படியே விட்டுவைத்தால், முதிர்வுத் தேதியில் அல்லது அதற்கு முன் மரணம் நேர்ந்தால் கிடைக்கும் குறைக்கப்பட்ட தொகை பெய்டப் பெறுமதி. முதலாவது எப்போதும் சிறியது, இரண்டாவது பெரியது. இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைத்து ஒப்பிடுவதில்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன. ஒன்று இன்றைய பணம். மற்றது பத்து, பன்னிரண்டு வருடம் கழித்து வரும் பணம்.

பிரீமியம் கட்டாதவருக்கு ஏதாவது திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது ஒரு காலத்தில் எந்தச் சட்டத்திலும் இருக்கவில்லை. ஒரு தவணை தவறினால் இருபது வருடம் கட்டியதும் நிறுவனத்துக்கே போய்ச் சேரும். 1844இல் லண்டன் போன அமெரிக்கரான எலிசூர் ரைட், அங்கே றோயல் எக்ஸ்சேஞ்சில் முதியவர்களின் ஆயுள் பொலிசிகள் ஏலம் போவதைப் பார்த்தார். பிரீமியம் கட்ட வழியில்லாத கிழவர் தன் பொலிசியை விற்பார். வாங்குபவர் தொடர்ந்து கட்டிவிட்டு, அவர் எப்போது சாவார் என்று காத்திருப்பார். அந்தக் காட்சி ரைட்டை விடவில்லை. அவருடைய முயற்சியால் 1861இல் மாசசூசெட்ஸ் மாநிலம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. பிரீமியம் நின்றாலும், பொலிசியின் பேரில் சேர்ந்திருக்கும் ஒதுக்கின் ஐந்தில் நான்கு பங்கைக் கொண்டு, அது போதுமான காலம் வரை காப்புறுதியைத் தொடர வேண்டும் என்று அச்சட்டம் சொன்னது. பணமாகவே திருப்பிக் கொடுக்கும் கடமை 1880இல் வந்தது. இன்று நம் பொலிசிப் பத்திரத்தில் உள்ள சரண்டர், பெய்டப் நிபந்தனைகள் இந்த வழியில் பிறந்தவைதான்.

அந்த ஒதுக்கு எங்கிருந்து வருகிறது? வயது ஏற ஏற மரண ஆபத்தும் ஏறும். ஆனால் பிரீமியம் முதல் வருடத்திலிருந்து கடைசி வருடம் வரை ஒரே தொகைதான். அதனால் இளம் வயதில் அந்த வருட ஆபத்துக்குத் தேவையானதைவிடக் கூடுதலாகக் கட்டுகிறோம். எண்டோவ்மெண்ட் பொலிசியில் முதிர்வுத் தொகைக்கான சேமிப்பும் இதனுடன் சேர்கிறது. இந்த மிகுதி வட்டியோடு வளர்ந்து, உங்கள் பொலிசியின் பேரில் நிறுவனத்தின் கையில் கிடக்கிறது. நியாயமாகப் பார்த்தால் சரண்டர் பெறுமதி அந்த ஒதுக்கை ஒட்டியே இருக்க வேண்டும்.

முதல் வருடங்களில் அது ஏன் ஏறக்குறைய வெறுமையாக இருக்கிறது என்பதற்கும் காரணம் உண்டு. முகவரின் கமிஷனில் பெரும் பகுதி முதல் வருடப் பிரீமியத்திலிருந்து போகிறது. மருத்துவப் பரிசோதனை, பத்திரம் தயாரித்தல், கிளைச் செலவு எல்லாம் ஆரம்பத்திலேயே விழுகின்றன. இந்தச் செலவை முதலில் கழித்துவிட்டுப் பின்வரும் வருடங்களில் மீட்டெடுக்கும் கணக்கு முறையை 1863இல் ஓகஸ்ட் சில்மர் என்ற ஜெர்மானியக் கணிப்பாளர் வகுத்தார். அவர் பெயராலேயே அது இன்றும் வழங்குகிறது. ஆகவே இரண்டாம் வருடத்தில் பொலிசியை விட்டவருக்கு ஒன்றும் கிடைக்காதபோது அதைத் திருட்டு என்று சொல்ல முடியாது. ஆனால் விற்கும்போது இதை வாய் திறந்து சொல்லாமல் விடுவது தவறு. அந்தப் பொறுப்பு முகவருக்கும் நிறுவனத்துக்கும் உரியது.

நம் ஊரில் விற்ற பழைய பாணி எண்டோவ்மெண்ட் பொலிசிகள் பெரும்பாலானவற்றில் மூன்று முழு வருடப் பிரீமியம் கட்டிய பிறகே இந்த இரு பெறுமதிகளும் பிறக்கும். அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றால் பூச்சியம். அந்தப் பக்கம் கால் வைத்தால் ஒரு சொத்து. கோட்டுக்குக் கிட்ட வந்து நிறுத்துபவர்களை நினைத்தால்தான் எனக்கு மனம் ஆறுவதில்லை. மாதம் 5,000 ரூபா வீதம் இரண்டு வருடமும் ஒன்பது மாதமும் கட்டியவர் 165,000 ரூபா கட்டியிருப்பார். அந்த நிலையில் நிறுத்தினால் அவ்வளவும் போகும். எங்கேயாவது கைமாற்று வாங்கி இன்னும் மூன்று மாதம், அதாவது 15,000 ரூபா கட்டினால், பத்து லட்ச ரூபா காப்புறுதித் தொகையுள்ள இருபது வருடப் பொலிசியில் மூன்று வருடத்துக்கான பங்காக 150,000 ரூபாவும் அதுவரை சேர்ந்த போனஸும் பெய்டப் பெறுமதியாக நிலைத்துவிடும். பிரீமியம் நிறுத்த நினைப்பவர் முதலில் எண்ண வேண்டியது இந்த மாதங்களைத்தான்.

இனி ஒரு முழுக் கணக்கு. கொட்டாஞ்சேனையில் ஒரு கடைக் கணக்காளர் என்று வைத்துக்கொள்வோம். ஆளும் தொகைகளும் கற்பனை, கணக்கு முறை உண்மையானது. காப்புறுதித் தொகை பத்து லட்சம் ரூபா, காலம் 20 வருடம், பிரீமியம் வருடத்துக்கு 60,000. நிறுவனம் ஒவ்வொரு வருடமும் ஆயிரத்துக்கு 30 ரூபா வீதம், அதாவது 30,000 ரூபா போனஸ் அறிவிக்கிறது. எட்டு வருடம், மொத்தம் 480,000 ரூபா கட்டிய பின் அவரால் தொடர முடியவில்லை.

பெய்டப் கணக்கு எளிது. கட்டிய வருடங்களைக் கட்ட வேண்டிய வருடங்களால் வகுத்து, காப்புறுதித் தொகையால் பெருக்க வேண்டும். இருபதில் எட்டுப் பங்கு 400,000 ரூபா. எட்டு வருடப் போனஸ் 240,000 ஏற்கனவே அவர் கணக்கில் ஏறிவிட்டது. அதை நிறுவனம் திரும்பப் பறிக்காது. இரண்டும் சேர்ந்து 640,000 ரூபா. இது இன்னும் 12 வருடம் கழித்துக் கிடைக்கும், அல்லது அதற்குள் அவர் இறந்தால் குடும்பத்துக்குக் கிடைக்கும். பெய்டப் ஆன பொலிசிக்குப் பொதுவாகப் புதிய போனஸ் கிடையாது.

சரண்டர் பெறுமதி இந்த 640,000இலிருந்தே பிறக்கிறது. 12 வருடம் கழித்துத் தர வேண்டியதை இன்றைக்கே தர நிறுவனம் ஒரு வட்டி வீதத்தில் கழிக்கிறது. எட்டு வீதத்தில் கழித்தால் சுமார் 254,000 ரூபா. ஆறு வீதத்தில் கழித்தால் 318,000. பன்னிரண்டு வீதத்தில் கழித்தால் 164,000தான். மரண ஆபத்துக்கான சிறு திருத்தத்தை இங்கே விட்டிருக்கிறேன். கட்டிய 480,000க்கு எதிரில் 254,000 என்று கேட்டதும் மனிதருக்கு நெஞ்சு அடைக்கும். ஆனால் எட்டு வருடம் பத்து லட்சத்துக்கு மேல் மரணக் காப்பு இருந்ததும் அந்த 480,000க்குள் அடக்கம்.

இப்போது அவர் முன் இருப்பது ஒரு கேள்வி அல்ல, இரண்டு. இதுவரை சேர்ந்ததை எடுப்பதா விடுவதா என்பது முதலாவது. இனிமேல் கட்டுவதா நிறுத்துவதா என்பது இரண்டாவது. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் ‘தொடர முடியவில்லை, ஆகவே சரண்டர்’ என்று பலர் நேரே முடிவுக்குப் போகிறார்கள்.

முதற்கேள்விக்கு ஒரு சின்ன வகுத்தல் போதும். 640,000ஐ 254,000ஆல் வகுத்தால் இரண்டரை வரும். 12 வருடத்தில் பணம் இரண்டரை மடங்காக வேண்டுமென்றால் வருடம் எட்டு வீதம் வளர வேண்டும். அதாவது சரண்டர் செய்யாமல் விட்டுவைத்தால், அந்த 254,000 ரூபா எட்டு வீத வட்டியில் வளர்வதற்குச் சமம். கூடவே மரணக் காப்பும் உண்டு. 164,000 மட்டுமே தருவதாக நிறுவனம் சொன்னால், விட்டுவைப்பது பன்னிரண்டு வீத வட்டிக்குச் சமமாகிறது. சரண்டர் தொகை எவ்வளவு குறைவோ, அவ்வளவுக்கு விட்டுவைப்பது லாபம். கோபத்தில் ‘இவ்வளவுதானா, தந்து தொலையுங்கோ’ என்று கையெழுத்துப் போடுபவர் செய்வது இதற்கு நேர் எதிரான காரியம்.

இரண்டாவது கேள்விக்கு விடை சற்று வியப்பாக இருக்கும். தொடர்ந்து 12 வருடம் கட்டினால் இன்னும் 720,000 ரூபா போகும். முடிவில் பத்து லட்சமும் இருபது வருடப் போனஸ் ஆறு லட்சமும் சேர்ந்து 16 லட்சம் வரும். விட்டுவைத்தாலே 640,000 கிடைக்கும் என்பதால், புதிதாகக் கட்டும் 720,000க்கு மேலதிகமாகக் கிடைப்பது 960,000. வட்டிக் கணக்கில் இது வருடம் நாலரை வீதத்துக்குச் சற்றுக் குறைவு. ஆகவே இந்த உதாரணத்தில் பழைய பணத்தை விட்டுவைப்பது நல்லது. புதிய பணத்தைப் போடுவது வட்டியாகப் பார்த்தால் சுமார்தான். முழு மரணக் காப்பு தேவைப்படும் குடும்பத்துக்கு அந்த நாலரை வீதத்துக்கு மேல் ஒரு பெறுமதி உண்டு. பிள்ளைகள் வளர்ந்து உழைக்கத் தொடங்கிய வீட்டில் அது குறைவு. போனஸ் வீதம் மாறினால் விடையும் மாறும். அவரவர் பொலிசியின் எண்களைப் போட்டே பார்க்க வேண்டும்.

2022இல் இந்தக் கணக்கு தலைகீழாகத் தெரிந்தது. திறைசேரி உண்டியல்களின் வட்டி 30 சதவீதத்தை அண்மித்த நேரத்தில், எட்டு வீதத்துக்குச் சமமான பெய்டப் பொலிசியை வைத்திருப்பது மடமை என்று பலர் நினைத்தார்கள். ஆனால் 2024 முடிவதற்குள் அந்த வட்டி பத்து சதவீதத்துக்குக் கீழே வந்துவிட்டது. ஓரிரு வருட உச்ச வட்டியை 12 வருடக் கணக்கோடு பொருத்தக் கூடாது. சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் வேண்டி எடுத்தவர்களை நான் குறை சொல்லவில்லை; அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. வட்டிக்காக எடுத்தவர்களுக்குத்தான் இது.

கழிக்கும் வீதத்தை யார் தீர்மானிப்பது என்பதில் நம் நாடு இந்தியாவிடமிருந்து ஒன்றைப் பார்த்துக்கொள்ளலாம். அங்கே 1938ஆம் ஆண்டுச் சட்டத்தின் 113ஆம் பிரிவு மூன்று வருடம் கட்டிய பொலிசிக்கு உத்தரவாதமான சரண்டர் பெறுமதியைத் தந்தது. 2024 ஒக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள் இன்னும் ஒரு படி முன்னே போய், முதல் வருட முடிவிலேயே விசேட சரண்டர் பெறுமதி பிறக்க வழி செய்தன. பெய்டப் தொகையைக் கழிக்கும் வட்டி, பத்து வருட அரச பிணையின் வட்டிக்கு மேல் அரை வீதத்தைத் தாண்டக் கூடாது என்றும் எல்லை வகுத்தன. இங்கே பொலிசிதாரர் கையில் கிடைப்பது தொகை மட்டும்தான்; அது எந்த வீதத்தில் கழிக்கப்பட்டது என்பது அவர் கண்ணில் படுவதில்லை. 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு, அந்த வீதத்தையும் ஒவ்வொரு சரண்டர் கடிதத்திலும் எழுத வைக்க வேண்டும் என்பது என் கருத்து.

விட்டுவைப்பதிலும் இழப்பு உண்டு. பொலிசியோடு இணைத்திருந்த ஆஸ்பத்திரிப் பணம், பாரிய நோய்க் காப்பு, விபத்துக் காப்பு எல்லாம் பெய்டப் ஆன அன்றே நின்றுவிடும். நம் உதாரணக்காரர் பிரீமியம் கட்டிக்கொண்டிருந்தபோது இறந்திருந்தால் குடும்பத்துக்கு 1,240,000 ரூபா, இப்போது 640,000. சர்க்கரையோ இருதய நோயோ உள்ளவர் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். அவருக்கு இனி வேறெங்கும் அதே விலையில் காப்பு கிடைக்காது. அப்படிப்பட்டவர் காப்புறுதித் தொகையைக் குறைத்துப் பிரீமியத்தைக் குறைக்க முடியுமா என்று கேட்கலாம். சில மாதத் தட்டுப்பாடு மட்டும்தான் என்றால் சரண்டர் பெறுமதியின் பேரில் கடன் எடுக்கலாம். கடனும் வட்டியும் சரண்டர் பெறுமதியை எட்டிவிட்டால் பொலிசியே முடிந்துபோகும் என்பதை மறக்கக் கூடாது. பிரீமியம் நின்ற பொலிசியில் கடனும் இருந்தால் அந்த நாள் சத்தமில்லாமல் வரும்.

இதுவரை சொன்னது பழைய எண்டோவ்மெண்டுக்கு. இன்று ‘ஓய்வூதியத் திட்டம்’ என்று விற்கப்படுபவற்றில் பல வேறு வகை. அவற்றில் உங்கள் பேரில் ஒரு கணக்கு இருக்கும். பிரீமியத்திலிருந்து செலவு போக மிகுதி அதில் விழும். வருடா வருடம் நிறுவனம் அறிவிக்கும் பங்குலாப வீதத்தில் அது வளரும். இங்கே சரண்டர் பெறுமதி என்பது கணக்கு மீதியிலிருந்து ஒரு சரண்டர் கட்டணத்தைக் கழித்தது; வருடங்கள் போகப் போக அந்தக் கட்டணம் குறைந்து மறையும். ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. பிரீமியம் நின்ற பிறகும் மரணக் காப்புக்கான கட்டணமும் நிர்வாகக் கட்டணமும் மாதாமாதம் அந்த மீதியிலிருந்து வெட்டப்படும். பெய்டப் எண்டோவ்மெண்டில் 640,000 என்றால் 640,000தான், அது கரையாது. இந்தக் கணக்கோ சிறியதாக இருந்தால் கரைந்து பூச்சியமாகி, ஓய்வூதியம் தொடங்கும் வயதுக்கு முன்பே முடிந்துவிடலாம். ‘நிப்பாட்டினாலும் காசு அங்கேயே கிடக்கும் தானே’ என்று நம்பியிருப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். வருடாந்த அறிக்கையை எடுத்து, அந்த வருடம் சேர்ந்த பங்குலாபம் பெரிதா, வெட்டப்பட்ட கட்டணங்கள் பெரிதா என்று பாருங்கள். கட்டணம் பெரிதென்றால் விட்டுவைப்பதில் பயனில்லை. காப்பைக் குறைக்கச் சொல்ல வேண்டும், அல்லது எடுத்துவிட வேண்டும்.

பொலிசியை விடும் நேரத்தில் வரும் இன்னொரு ஆலோசனையை நான் கடுமையாக எதிர்க்கிறேன். “அக்கா, பழசைச் சரண்டர் பண்ணிப்போட்டு அந்தக் காசிலயே புதுசு ஒண்டு தொடங்குங்கோ, நல்ல திட்டம் வந்திருக்கு” என்பது அது. புதிய பொலிசியில் முகவருக்கு மீண்டும் முதல் வருடக் கமிஷன். உங்களுக்கு மீண்டும் ஆரம்பச் செலவு, கூடிய வயதில் கூடிய பிரீமியம், புதிய மருத்துவக் கேள்விகள், மீண்டும் முதலிலிருந்து காத்திருப்பு. எட்டு வருடச் செலவை ஏற்கனவே தாங்கிவிட்ட பொலிசியை விட்டு, அதே செலவை மறுபடி தலையில் சுமப்பதற்கு நியாயம் இருப்பது மிக அரிது.

முடிவெடுக்கும் முன் நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் கேட்டது பதிவாகாது. இன்றைய சரண்டர் பெறுமதி, இன்று நிறுத்தினால் பெய்டப் பெறுமதியும் அது கிடைக்கும் தேதியும், பொலிசியை மீள உயிர்ப்பிக்கக் கட்ட வேண்டிய நிலுவையும் வட்டியும், நிலுவைக் கடன் ஆகியவற்றை ஒரே கடிதத்தில் தரச் சொல்லுங்கள். கட்டிய பிரீமியங்களின் பட்டியலையும் கேட்டு, வீட்டில் உள்ள பற்றுச்சீட்டுகளோடு ஒப்பிடுங்கள். முகவர் கையில் பணமாகக் கொடுத்துவந்தவர்களுக்கு இது மிக அவசியம். ஒரு தவணை பதிவாகாமல் போனாலும் மூன்று வருடக் கோடு எட்டாமல் போகக்கூடும். பதில் திருப்தியில்லை என்றால் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம்; ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடமும் முறையிடலாம். அதன் அலுவலகம் கோட்டையில் உலக வர்த்தக மையத்தின் கிழக்குக் கோபுரத்தில் இருக்கிறது. கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் கொஞ்சத் தூரம்தான்.

எட்டு, பத்து வருடத்துக்கு முன் நின்றுபோன பொலிசிகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மூன்று வருடம் தாண்டிய பழைய எண்டோவ்மெண்ட் பொலிசிகள் பல, பிரீமியம் நின்றதும் தாமாகவே பெய்டப் ஆகும்படி எழுதப்பட்டவை. ‘அது எப்பவோ லாப்ஸ் ஆகிட்டுது’ என்று நினைத்து வீட்டார் அவற்றைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். கட்டியவர் இறந்துபோயிருந்தால் மனைவிக்கோ பிள்ளைகளுக்கோ அந்தப் பணம் உரியது என்பது கூடத் தெரியாமல் போகிறது. அப்படி ஒரு பத்திரம் உங்கள் வீட்டு அலுமாரியில் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். அதன் இலக்கத்தைக் குறிப்பிட்டு, பெய்டப் பெறுமதி ஏதும் உண்டா என்று நிறுவனத்துக்கு இந்தக் கிழமையே ஒரு கடிதம் எழுதுங்கள்.